கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ்: யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு? கடலூர், புதுச்சேரி சப்ளையர்களுக்கான முழு வழிகாட்டி

புதுச்சேரி பக்கம் ஃபேக்டரி வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்குச் சரக்கு போட்டோம், பணம் வரவில்லை, நோட்டீஸ் விட வேண்டும் என்ற நிலை வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது ஒரு ஆளை. ஆர்டர் கொடுத்த பர்ச்சேஸ் மேனேஜரா, அக்கவுண்ட்ஸில் போன் எடுப்பவரா, எம்.டி.யா, கம்பெனி செக்ரட்டரியா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டம் முதலில் பார்ப்பது ஆளை அல்ல, முகவரியை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஒரு கம்பெனிக்கோ அதன் அதிகாரிக்கோ கொடுக்க வேண்டிய ஆவணத்தை அதன் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்கிறது. பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட், கூரியர், நேரில் கொடுப்பது, மின்னஞ்சல் என்று வழிகள் பல. இடம் மட்டும் பதிவு அலுவலகம்தான்.

சரக்கு இறங்கும் ஃபேக்டரி வேறு, பதிவு அலுவலகம் வேறு. நம் பக்கத்தில் இது அடிக்கடி நடப்பது. யூனிட் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கும், பதிவு அலுவலகம் சென்னையில் இருக்கும். ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி கையெழுத்துப் போட்டு வாங்கிய கவரை மட்டும் நம்பி வழக்குக்குப் போனால், “எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை” என்று எதிர்த்தரப்பு சொல்ல நாமே வழி விட்டதாகிவிடும்.

முதலில், அது கம்பெனிதானா?

போர்டில் “இண்டஸ்ட்ரீஸ்”, “என்டர்பிரைசஸ்” என்று இருப்பதால் மட்டும் அது கம்பெனி ஆகிவிடாது. தனி ஒருவர் நடத்தும் நிறுவனமாக இருந்தால் அங்கே செக்ரட்டரியும் இல்லை, பதிவு அலுவலகமும் இல்லை. உரிமையாளர் பெயரிலேயே நோட்டீஸ் போக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள அவர்கள் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரிலுள்ள ஜிஎஸ்டி எண்ணே போதும். அது இப்படி இருக்கும் (இது மாதிரிக்காக மட்டும்):

```
34AAACX0000X1Z0
```

முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி. அடுத்த பத்து எழுத்து அவர்களுடைய பான் எண். அந்தப் பானில் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது, எதிரில் நிற்பது யார் என்று சொல்லிவிடும். C என்றால் கம்பெனி. P என்றால் தனிநபர். F என்றால் கூட்டு நிறுவனம் அல்லது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனமான எல்எல்பி. அதன்பின் `services.gst.gov.in` தளத்தில் Search Taxpayer பகுதியில் எண்ணை அடித்தால் Legal Name of Business என்ற இடத்தில் சட்டப்படியான பெயர் வரும். நோட்டீஸில் எழுத வேண்டியது அந்தப் பெயர். பக்கத்தில் வரும் Trade Name கடைப்பெயர்தான்.

அதே பக்கத்தில் வரும் Principal Place of Business முகவரியைப் பதிவு அலுவலகம் என்று நினைத்து அப்படியே எடுத்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டி பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. 34-இல் தொடங்கும் எண்ணுக்குப் புதுச்சேரி முகவரிதான் வரும், கம்பெனியின் பதிவு அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. பின்கோடை வைத்து மாநிலத்தைத் தீர்மானிப்பதும் கூடாது. 605602 என்பது விழுப்புரம், 607402 என்பது புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர். நம் எல்லை அப்படிப் பின்னிக் கிடக்கிறது.

பதிவு அலுவலகத்தை எடுப்பது

கம்பெனி என்று உறுதியானதும் `mca.gov.in` தளத்துக்குப் போக வேண்டும். இலவசமாக ஒரு கணக்குத் திறந்து உள்ளே நுழைந்து, MCA Services-இன் கீழ் View Company or LLP Master Data என்பதைத் திறந்தால் பெயராலோ, கம்பெனியின் அடையாள எண்ணான சிஐஎன்னாலோ தேடலாம். சிஐஎன் எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டாம். கம்பெனிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் கடிதத்தாள், பில், நோட்டீஸ் எல்லாவற்றிலும் பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றை அச்சிட்டாக வேண்டும். உங்களிடம் இருக்கும் பர்ச்சேஸ் ஆர்டரின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருப்பது அதுதான்.

சிஐஎன் 21 எழுத்து. பங்குச் சந்தையில் பட்டியலிட்டிருந்தால் L, இல்லையென்றால் U என்று தொடங்கும். அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. பிறகு மாநிலத்தின் இரண்டு எழுத்து, பதிவான வருடம், கம்பெனி வகைக்கு மூன்று எழுத்து, கடைசியாக ஆறு இலக்கப் பதிவு எண். இதில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது மாநில எழுத்து. புதுச்சேரி PY, தமிழ்நாடு TN. புதுச்சேரியில் பதிவான கம்பெனி தன் பதிவு அலுவலகத்தைச் சென்னைக்கு மாற்றினால், தூரம் எவ்வளவாக இருந்தாலும், அது ஒரு மாநில எல்லையைத் தாண்டுவது. மத்திய அரசின் ஒப்புதல் வாங்கி, புதிய பதிவுச் சான்றிதழும் புதிய சிஐஎன்னும் பெற வேண்டும். ஆனால் பழைய கடிதத்தாள் தீர்கிற வரை அதிலேயே ஆர்டர் அடிக்கிற வழக்கமும் உண்டு. கடிதத்தாளில் PY, மாஸ்டர் டேட்டாவில் TN என்று வந்தால் குழம்ப வேண்டாம். பெயரையும் ஜிஎஸ்டியில் வந்த சட்டப் பெயரையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே கம்பெனி என்று உறுதி செய்துகொண்டு, மாஸ்டர் டேட்டாவில் இருக்கும் முகவரியைப் பிடிக்க வேண்டும். பெயரே மாறியிருந்தால், கடந்த இரண்டு ஆண்டுக்குள் மாறிய கம்பெனி பழைய பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று அதே 12-ஆம் பிரிவு சொல்கிறது. அது நமக்கு உதவும்.

மாஸ்டர் டேட்டா பக்கத்தில் முகவரிக்கு முன்னாலேயே கம்பெனி நிலையைப் பாருங்கள். Active என்றால் மேலே போகலாம். Strike Off என்றால் அந்தக் கம்பெனியின் பெயரே பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கு நோட்டீஸ் விடுவதைவிட, அதை மீண்டும் பதிவேட்டில் ஏற்றக் கடன்காரர் என்ற முறையில் 252-ஆம் பிரிவின்கீழ் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும் யோசனைதான் முதலில் வர வேண்டும். Under CIRP என்றால் திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டது. அப்போது இயக்குநர்களின் கையில் எதுவும் இல்லை. `ibbi.gov.in` தளத்தில் பொது அறிவிப்பைத் தேடி, நியமிக்கப்பட்ட திவால் தீர்வு நிபுணரின் பெயரையும் முகவரியையும் எடுத்து, அவரிடம் கோரிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.

செக்ரட்டரி இருக்கிறாரா, இல்லையா

எல்லாக் கம்பெனிக்கும் செக்ரட்டரி உண்டு என்று நினைத்துத் தேடுவதில் நாட்கள் வீணாகின்றன. முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி கட்டாயம் என்பது பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும், செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிகளுக்கும்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இந்த 10 கோடி வரம்பு 2020 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. மாஸ்டர் டேட்டாவில் Authorised Capital, Paid up Capital என்று இரண்டு தொகை வரும். பார்க்க வேண்டியது இரண்டாவது. அங்கே 25 லட்சம் என்று இருந்தால் செக்ரட்டரியைத் தேடி அலைவதில் பொருளில்லை, அவர் அநேகமாக இருக்கவே மாட்டார். 12 கோடி என்று இருந்தால் இருந்தாக வேண்டும். அந்தப் பதவி காலியானாலும் ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது 203-ஆம் பிரிவு.

பெயரைப் பார்க்க, அதே பக்கத்தில் Director/Signatory Details பகுதியைத் திறக்க வேண்டும். இயக்குநர்களோடு செக்ரட்டரியின் பெயரும் Company Secretary என்ற பதவிக் குறிப்போடு வரும். பணியில் சேர்ந்த தேதியைப் பாருங்கள், விலகிய தேதி ஏதும் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் அவர் இப்போது அங்கே இல்லை. பட்டியலிட்ட கம்பெனி என்றால் இன்னும் எளிது. செபியின் பட்டியலிடல் விதிகளின்படி தகுதி பெற்ற கம்பெனி செக்ரட்டரியே இணக்க அதிகாரியாக இருக்க வேண்டும். அவர் விவரம் கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியிலும் பங்குச் சந்தைத் தளத்தின் கம்பெனிப் பக்கத்திலும் கிடைக்கும்.

இதில் அனுபவசாலிகளும் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. கம்பெனியின் ஆவணங்களை View Public Documents வழியாக 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். வருடாந்திர அறிக்கையான MGT-7, இயக்குநர் மாற்றத்துக்கான DIR-12, முகவரி மாற்றத்துக்கான INC-22 எல்லாம் அதில் வரும். அந்தப் படிவங்களின் கடைசியில் ஒரு கம்பெனி செக்ரட்டரியின் கையெழுத்தும் உறுப்பினர் எண்ணும் இருக்கும். பல நேரம் அவர் அந்தக் கம்பெனியின் ஊழியரே அல்ல. படிவத்தைச் சரிபார்த்துச் சான்றளித்த, தனியாகத் தொழில் செய்யும் செக்ரட்டரி. அவர் பெயருக்கு நோட்டீஸ் போனால், “எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை” என்று திருப்பி அனுப்புவார். அவர் சொல்வதும் சரிதான். பெயருக்குப் பக்கத்தில் சான்றிதழ் எண் போட்டு, தொழில் நடத்துபவர் என்ற குறிப்பு இருந்தால் அவர் வெளியாள் என்று வைத்துக்கொள்ளலாம். நம்ப வேண்டியது Director/Signatory Details பட்டியலை.

ஆள் யார் என்பது உண்மையிலேயே முக்கியமாகும் இடங்களும் உண்டு. நீதிமன்றச் சம்மனைக் கம்பெனியின் செக்ரட்டரி, ஏதாவது ஒரு இயக்குநர், அல்லது முதன்மை அதிகாரி ஒருவரிடம் கொடுக்கலாம், அல்லது பதிவு அலுவலகத்தில் சேர்க்கலாம் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 29-ஆவது ஆணை. திவால் சட்டத்தின்கீழ் கொடுக்கும் கோரிக்கை நோட்டீஸை மின்னஞ்சலில் அனுப்புவதானால், அது முழுநேர இயக்குநர், முக்கிய நிர்வாக அதிகாரி, எல்எல்பி என்றால் நியமிக்கப்பட்ட கூட்டாளி ஆகிய ஒருவருக்குப் போக வேண்டும். `info` என்று தொடங்கும் பொது முகவரி அதற்கு ஆகாது. செக்ரட்டரி அந்த முக்கிய நிர்வாக அதிகாரிகளில் ஒருவர்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்களுக்கும் அவர்களுக்கும் கையெழுத்தான ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அதை எடுத்து, அறிவிப்புகள் பற்றிய பிரிவைப் படியுங்கள். “இந்த முகவரிக்கு, இன்ன பதவியில் இருப்பவர் கவனத்துக்கு, பதிவுத் தபாலில்” என்று எழுதியிருந்தால் அதை எழுத்து பிசகாமல் செய்ய வேண்டும். அந்த முகவரி பழசாகியிருந்தாலும் அங்கேயும் ஒன்று, பதிவு அலுவலகத்துக்கும் ஒன்று அனுப்புவதுதான் பாதுகாப்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நெல்லிக்குப்பத்தில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒருவர், சேதராப்பட்டில் யூனிட் உள்ள பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு 4,86,000 ரூபாய்க்குச் சரக்கு போட்டார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பியது. பிப்ரவரி 3-ஆம் தேதி கடலூரிலுள்ள அவருடைய வங்கிக் கிளை மெமோவைக் கையில் கொடுத்தது. காசோலைக் கணக்கில் நோட்டீஸுக்குக் கெடு உண்டு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி, காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் பணம் கேட்டாக வேண்டும். பிப்ரவரிக்கு 28 நாள் என்றால் கடைசி நாள் மார்ச் 5. முகவரி தேடும் வேலையும் இந்த 30 நாளுக்குள்தான் முடிய வேண்டும்.

ஜிஎஸ்டி எண் 34-இல் தொடங்குகிறது, ஆறாவது எழுத்து C. கம்பெனிதான். பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் புதுச்சேரி நகரத்திலுள்ள ஒரு முகவரியும் PY உள்ள சிஐஎன்னும் அச்சாகியிருக்கின்றன. மாஸ்டர் டேட்டாவில் அதே பெயரைத் தேடினால் வருவது TN உள்ள சிஐஎன், சென்னை முகவரி, நிலை Active, செலுத்திய மூலதனம் 40 லட்சம். இயக்குநர்கள் மூன்று பேர் இருந்ததில் ஒருவருக்கு விலகிய தேதி போட்டிருக்கிறது. செக்ரட்டரி என்று யாரும் இல்லை, இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்த இடத்தில் 100 ரூபாய் செலவழித்து INC-22 படிவத்தைப் பார்த்துவிடுவது நல்லது. முகவரி மாறினால் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், மாஸ்டர் டேட்டாவில் தெரிவது ஓரிரு வாரம் பின்தங்கிய முகவரியாகவும் இருக்கலாம். படிவத்தோடு இணைத்த வாடகை ஒப்பந்தத்தில் கதவு எண், மாடி, தெரு எல்லாம் முழுசாக இருக்கும். மாஸ்டர் டேட்டாவில் விட்டுப்போன மாடி எண்தான் பல கவர்கள் திரும்பி வரக் காரணம்.

ஆக, அவர் நோட்டீஸை மூன்று இடத்துக்கு அனுப்புகிறார். முதலாவது, சட்டத்துக்கு வேண்டியது, சென்னைப் பதிவு அலுவலகம். இரண்டாவது சேதராப்பட்டு யூனிட். மூன்றாவது பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள பழைய புதுச்சேரி முகவரி. மாஸ்டர் டேட்டாவில் உள்ள மின்னஞ்சலுக்கும் ஸ்கேன் செய்து ஒரு பிரதி போகிறது. சின்னக் கம்பெனிகளில் அந்த மின்னஞ்சல் ஆடிட்டருடையதாக இருப்பதுண்டு. இருந்தாலும் அனுப்ப வேண்டும், அது கம்பெனி தானே பதிவாளரிடம் கொடுத்த முகவரி. கவர் மேல் இப்படி எழுதுகிறார்:

```
பெறுநர்:
(முழுப் பெயர்) பிரைவேட் லிமிடெட்
சிஐஎன்: (இப்போதைய எண்)
பதிவு அலுவலகம்: (கதவு எண், மாடி, தெரு)
சென்னை - (பின்கோடு)
கவனத்துக்கு: இயக்குநர்கள்
```

பெறுநர் கம்பெனி. “கவனத்துக்கு” என்பது உள்ளே போய்ச் சேர உதவும் வரி மட்டும். இதைத் தலைகீழாக மாற்றி, முதல் வரியில் ஓர் ஆளின் பெயரையும் அதன் கீழே கம்பெனியையும் எழுதினால், “அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்” என்று கவர் திரும்பும். பொறுப்பிலுள்ள இயக்குநர்களையும் வழக்கில் சேர்க்க நினைத்தால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ் வேண்டியதில்லை, கம்பெனிக்குக் கொடுத்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லியிருக்கிறது. செக்ரட்டரி உள்ள கம்பெனி என்றால் “கவனத்துக்கு: கம்பெனி செக்ரட்டரி” என்று பதவியை எழுதுங்கள். பெயரைச் சேர்த்தாலும் பதவியை விட்டுவிடாதீர்கள்.

தபால் கவுண்டரில்

2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். இப்போது கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் என்று மட்டும் சொன்னால் போதாது. பெறுநரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் சேர்க்கும் ரெஜிஸ்ட்ரேஷன் சேவையையும், பட்டுவாடாவுக்கான அத்தாட்சியையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். ரசீது கைக்கு வந்ததும் நகராமல் அங்கேயே பெறுநர் பெயரையும் பின்கோடையும் படியுங்கள். கம்பெனிப் பெயர் நீளமாக இருந்தால் கவுண்டரில் சுருக்கி அடிப்பார்கள், பின்கோடில் ஒரு இலக்கம் மாறினாலும் கவர் வேறு ஊருக்குப் போகும். கவரில் முகவரி சரியாக இருந்து ரசீதில் தவறாக இருந்தால், விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுப்பது அந்த ரசீதைத்தான்.

மூன்று கவருக்கும் 13 எழுத்துள்ள மூன்று எண் கிடைக்கும். தபால் துறைத் தளத்தில் ஒவ்வொன்றின் பட்டுவாடா விவரத்தையும் சில நாளிலேயே அச்செடுத்து வைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் கழித்துத் தேடினால் அந்த விவரம் தளத்தில் இல்லாமல் போகலாம்.

கவர் திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். மேலே தபால்காரர் எழுதிய குறிப்புதான் இனி பேசும். “வாங்க மறுத்தார்” என்றோ, “தகவல் கொடுத்தும் பெறவில்லை” என்றோ இருந்தால் கவலை குறைவு. சரியான முகவரிக்கு, தபால் கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பியதைச் சேர்ந்ததாகவே கருதலாம் என்று பொது வாசகச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. காசோலை நோட்டீஸுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் “அப்படி யாரும் இல்லை”, “முகவரி போதாது” என்ற குறிப்புகள் வேறு மாதிரி. அவை முகவரியையே கேள்விக்குள்ளாக்கும். அன்றே மாஸ்டர் டேட்டாவைத் திரும்பத் திறந்து, அன்றைய தேதியோடு அந்தப் பக்கத்தை அச்செடுத்து, 30 நாள் கெடு மிச்சம் இருந்தால் முழு முகவரியோடு இன்னொரு நோட்டீஸ் விட வேண்டும். பதிவு அலுவலகம் என்று கம்பெனியே பதிவாளரிடம் கொடுத்த முகவரியில் அது இல்லை என்றால், அந்தத் தவறு கம்பெனியுடையது என்று காட்ட அந்த அச்சுப் பிரதி வேண்டும்.

நெல்லிக்குப்பத்துக்காரரின் கணக்கில், சென்னைக் கவர் பிப்ரவரி 20-ஆம் தேதி பட்டுவாடா ஆனது என்றால், கம்பெனிக்குப் பணம் கட்ட 15 நாள், அதாவது மார்ச் 7 வரை. அதுவரை வராவிட்டால் அங்கிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். கம்பெனி சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பதால் அங்கே அலைய வேண்டியதும் இல்லை. அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை கடலூரில் இருப்பதால், புகார் கடலூர் நீதிமன்றத்திலேயே நிற்கும்.